பச்சைப்பிள்ளை இடுப்பு ஸ்கேன்: ஆல்ஃபா கோணத்தில் நான் சறுக்கிய இடம்

நாகர்கோவிலில் ஸ்கேன் பார்க்கத் தொடங்கிய புதிதில் 6 வாரப் பெண்குழந்தை ஒன்று வந்தது. தலைப்பிள்ளை, பிரீச். இடது இடுப்பில் ஆல்ஃபா என்கிற கூரைக் கோணம் 53 டிகிரி என்று அளந்தேன். அந்த வயதில் 55 ஆவது வேண்டும். அப்படிப் பார்த்தால் பெல்ட் போடுகிற கேஸ். "டாக்டரே, பிள்ளைக்கு நடக்க ஒக்குமா?" என்று அம்மச்சி கேட்டார். நான் அளந்ததே தப்பு.

பால் குடித்த பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். தொட்டில் ஸ்டாண்டு இல்லையென்றால் இரண்டு டவலைச் சுருட்டி முன்னும் பின்னும் அண்டைகொடுத்தால் போதும். லீனியர் ப்ரோப் மட்டும்தான். வளைந்த ப்ரோப்பில் கோணம் கோணலாகும். நான் தொடவே மாட்டேன்.

ஃப்ரீஸ் செய்த படத்தில் மூன்று தெரிய வேண்டும்: நேர்கோடாக ஓடும் இலியம் எலும்பு, தொடைத் தலை உட்காரும் கிண்ணத்தின் அடியில் இலியத்தின் கீழ்முனை, கிண்ண விளிம்பில் லேப்ரம். ஒன்று குறைந்தாலும் அந்தப் படத்தில் அளக்காதீர்கள். இலியம் வளைந்து தெரிந்தால் ப்ரோப்பை மெல்லத் திருப்புங்கள்.

இனி இரண்டு கோடு. முதலாவது இலியத்தின் வெளிப்பக்கத்தை ஒட்டி. இரண்டாவது, கீழ்முனையில் தொடங்கி எலும்புக் கூரையைத் தொட்டுக்கொண்டு போவது. இடையில் வருவதுதான் ஆல்ஃபா.

நான் சறுக்கியது அந்தக் கீழ்முனையில்தான். அதற்குக் கீழே குருத்தெலும்பின் கறுப்பு இடைவெளி. அதையும் தாண்டினால் கிண்ணக் குழியில் இருக்கும் கொழுப்பும் வெள்ளையாக மின்னும், சிலநேரம் எலும்பைவிடப் பளிச்சென்று. நான் கோட்டை அங்கே ஊன்றிவிட்டேன். ஊன்றுபுள்ளி கால்பக்கம் இறங்கினால் கூரைக் கோடு இலியத்தின் பக்கம் சாயும், கோணம் சுருங்கும். எலும்பு முனை கூர்மையாக இருக்கும், அதன் பின்னால் நிழல் விழும். கொழுப்பு விளிம்பு தெளிவில்லாமல் பரந்திருக்கும். கறுப்பு இடைவெளிக்கு மேலே, எலும்பில் புள்ளியை மாற்றி வைத்தேன்: 61. இன்னொரு படம் எடுத்தும் 61. அம்மச்சியிடம் "ஒண்ணும் இல்லை" என்றேன்.

60 அல்லது அதற்கு மேல் சரி. 12 வாரத்துக்குள் 50 முதல் 59 வரை என்றால் முதிராத மூட்டாக இருக்கலாம். 6 வாரத்தில் 55 இல்லையென்றால் மட்டும் காத்திருக்க வேண்டாம். 50-க்குக் கீழே வந்தால் எலும்பு டாக்டரிடம் அனுப்புங்கள். தொடைத் தலை கிண்ணத்தைவிட்டு விலகியிருந்தால் கீழ்முனை அதே தளத்தில் வராமல் போகலாம். அப்போது கோணத்துக்காகப் போராட வேண்டாம், விலகல் என்று எழுதி அன்றே அனுப்புங்கள்.

பின்சேர்க்கை: இரண்டு கோடும் கூரை விளிம்பில் வெட்டிக்கொள்ளவில்லையே என்று தக்கலையிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். வெட்ட வேண்டியதில்லை. விளிம்பில் சேர்ப்பதற்காகக் கோட்டை இழுத்தால்தான் தப்பு வரும்.

இன்னொன்று: 5 மாதப் பிள்ளையில் கீழ்முனை தெரியவில்லை என்று படம் அனுப்பியவருக்கு: தொடைத் தலை நடுவில் எலும்பாகத் தொடங்கிவிட்டது, அதன் நிழல்தான் மறைக்கிறது. எக்ஸ்ரே எடுங்கள்.