காற்றாலையைக் கழற்றும் செலவு: கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குத்தகை நிலத்தில் நிறுவிய காற்றாலை ஒன்றின் கணக்கைச் சென்ற வாரம் ஒரு பயிற்சி மாணவர் என்னிடம் கொண்டுவந்தார். தொழிலுக்கு வந்த புதிதில் நான் செய்த பிழை, அதே வரியில் அப்படியே இருந்தது.

கழற்றும் ஆண்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவது

கோபுரத்தை இறக்கி, கான்கிரீட் அடித்தளத்தைப் பெயர்த்து, நிலத்தைப் பழையபடி ஒப்படைக்க வேண்டும் என்று குத்தகைப் பத்திரம் சொன்னால், அந்தக் கடமை காற்றாலையை நிறுவிய அன்றே பிறந்துவிடுகிறது. அதை ஏற்காமல் அந்த இடத்தில் காற்றாலையை வைக்கவே முடியாது என்பதால், இயந்திரத்தின் விலையைப் போல இதுவும் அடக்கவிலையின் ஒரு பகுதிதான். நிலைச் சொத்துகளுக்கான இந்தியக் கணக்கியல் தரநிலையான இண்ட் ஏஎஸ் 16 இதைச் சொத்தோடு சேர்க்கச் சொல்வதும் அதனால்தான். மின்சாரம் விற்கும் ஒவ்வோர் ஆண்டும் தேய்மானமாகத் தன் பங்கை ஏற்கிறது. பணம் கையைவிட்டுப் போவது 20 ஆண்டுகள் கழித்து என்பதால், அந்தத் தொகையை வட்டி வீதத்தால் தள்ளுபடி செய்து கிடைக்கும் தற்போதைய மதிப்பை மட்டுமே சேர்க்கிறோம். அதே தொகையை ஒதுக்கீடு என்று கடன் பக்கத்திலும் எழுதுகிறோம்.

இன்றைய விலையை அப்படியே தள்ளுபடி செய்வது

என்னை இன்றும் எரிச்சலூட்டும் தவறு இது. கிரேன் வாடகையும் ஆள்கூலியும் சேர்த்து 50 லட்சம் ரூபாய் ஆகும் என்று ஒப்பந்ததாரர் இன்று விலைப்புள்ளி தருகிறார் என்று கொள்வோம். மாணவர் அந்த 50 லட்சத்தை 8 சதவீதத்தில் 20 ஆண்டுகளுக்குத் தள்ளுபடி செய்து, 10.73 லட்சம் என்று எழுதியிருந்தார். அந்த 8 சதவீதத்துக்குள் பணவீக்கம் ஏற்கெனவே அடங்கியிருக்கிறது. அவர் எடுத்த செலவிலோ அது இல்லை. ஆண்டுக்கு 5 சதவீத விலையேற்றம் என்று வைத்தால், கழற்றும் ஆண்டில் செலவு 132.66 லட்சம், அதன் தற்போதைய மதிப்பு 28.46 லட்சம். சொத்தும் கடனும் தலா ஏறத்தாழ 18 லட்சம் குறைவாகக் காட்டப்பட்டிருந்தன.

நான் இப்படிச் செய்தபோது எண்கள் ஒழுங்காகவே தோன்றின. மூத்த ஆடிட்டர் ஒருவர் கடைசி ஆண்டின் இருப்பைக் காட்டிய பிறகுதான் புரிந்தது. 10.73 லட்சம் ஆண்டுக்கு 8 சதவீதம் வளர்ந்து மீண்டும் அதே 50 லட்சத்தில் நிற்கும். அன்றைய பில்லோ 132.66 லட்சமாக வரும். மீதி 82 லட்சத்துக்கு மேற்பட்ட தொகையை, விற்க மின்சாரமே இல்லாத ஆண்டு நட்டமாக ஏற்க நேரும். ஒதுக்கீட்டு அட்டவணையின் கடைசி இருப்பு, கழற்றும் ஆண்டின் விலையோடு ஒத்துப்போகிறதா என்று முதலில் பாருங்கள்.

ஆண்டுதோறும் ஏறும் வட்டியைச் சொத்தில் சேர்ப்பது

கூடாது. 28.46 லட்சம் ஒதுக்கீட்டின் மேல் 8 சதவீதமாக முதல் ஆண்டில் ஏறும் 2.28 லட்சம், அந்த ஆண்டின் நிதிச் செலவு.

பழைய இரும்பின் விலையை ஒதுக்கீட்டில் கழிப்பது

அது சொத்தின் எஞ்சிய மதிப்பில் பார்க்க வேண்டியது.

மதிப்பீடு மாறினால் வித்தியாசத்தை நட்டத்தில் எழுதுவது

அடக்கவிலை முறையில், புது விலைப்புள்ளியோ புது வட்டி வீதமோ கடனை மாற்றினால், அந்த வித்தியாசம் சொத்தின் மதிப்பில்தான் கூடும் அல்லது குறையும். எஞ்சிய ஆண்டுகளின் தேய்மானம் அதற்கேற்ப மாறும். குறைக்க வேண்டிய தொகை சொத்தின் ஏட்டு மதிப்பைத் தாண்டினால், தாண்டிய பகுதி மட்டும் உடனே இலாப நட்டக் கணக்குக்குப் போகும்.