கம்பத்தில் கயிறு சுற்றிப் பளு தாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரின் துவாஸில் கப்பல் பட்டறைக்குப் புதிதாக வரும், பளு ஏற்றி இறக்கும் ரிக்கர்களுக்குக் கயிற்று வேலை கற்றுத் தருகிறேன். தஞ்சாவூர், சிவகங்கைப் பக்கமிருந்து வரும் தம்பிகள் கெட்டிக்காரர்கள். ஆய்லரின் சூத்திரத்தைக் கேட்டதும் எழுதிக் காட்டிவிடுவார்கள்:

`T = W × e^(-μθ)`

W என்பது பளு, T என்பது நாம் கையில் பிடிக்க வேண்டிய விசை, μ உராய்வுக் கெழு, θ கயிறு கம்பத்தைத் தழுவும் மொத்தக் கோணம். கோணத்தைப் பாகையில் போட்டுவிடுவது போன்ற சறுக்கல்களை அவர்களே கண்டுபிடித்துத் திருத்திக்கொள்கிறார்கள். எங்கள் காலத்திலும் நடந்து, இன்றும் நடக்கிற மற்றவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அட்டவணையில் இருக்கும் μ-வை அப்படியே நம்புவது

இன்றும் எனக்குக் கோபம் வரவழைப்பது இதுதான். ஓரிடத்தில் 500 கிலோ பம்பு ஒன்றை இரும்புக் கம்பத்தில் இரண்டு சுற்று நைலான் கயிறு போட்டு இறக்கினார்கள். அட்டவணையில் μ 0.25 என்று இருந்தது. இரண்டு சுற்றுக்குக் கோணம் 4π, அதாவது 12.57 ரேடியன். μθ 3.14 ஆகிறது. e-ஐ அந்த அடுக்குக்கு உயர்த்தினால் 23. ஆகவே 22 கிலோ அளவுக்குப் பிடித்தால் போதும், ஒருவரே தாங்கலாம் என்று ஒரு தம்பியை நிறுத்தினார்கள்.

மதியம் மழை கொட்டியது. கம்பமும் கயிறும் நனைந்தன. கயிறு ஓடத் தொடங்கியதும் அவனால் நிறுத்த முடியவில்லை. உள்ளங்கைத் தோல் உரிந்தது, பம்பின் அடித்தட்டில் விரிசல் விழுந்தது. பிறகு அதே கயிற்றை நனைத்து அளந்தபோது μ 0.15-தான் வந்தது. அதைப் போட்டால் μθ 1.885, பெருக்கம் வெறும் 6.6. பிடிக்க வேண்டியிருந்தது 76 கிலோ.

"அண்ணே, பத்தில் ஒரு பங்குதானே வித்தியாசம்?" என்று பின்னொரு வகுப்பில் ஒருவன் கேட்டான். கழித்துப் பார்ப்பதால்தான் அப்படித் தோன்றுகிறது. μ அடுக்கில் உட்கார்ந்திருக்கிறது. அது 0.1 குறைந்ததும் கைக்கு வரும் பளு மூன்றரை மடங்காகிவிட்டது. சுற்று கூடக்கூட இந்தப் பிழையும் பெருகும். நான்கு சுற்றில் இதே பிழை பன்னிரண்டு மடங்கு வித்தியாசம் காட்டும்.

ஆகவே அட்டவணையை மூடிவிட்டு, வேலைக்கு எடுக்கும் அதே கயிற்றை அளந்து பாருங்கள். கம்பத்தைப் போன்ற இரும்புக் குழாயைக் கிடையாக வைத்து நனைத்து, நனைந்த கயிற்றை அதன்மேல் அரைச் சுற்றாகத் தொங்கவிடுங்கள். இரு முனையிலும் 20 கிலோ கட்டி, ஒரு பக்கத்தில் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். 12.5 கிலோவில் கயிறு நழுவத் தொடங்கினால் விகிதம் 1.6. அதன் இயல் மடக்கை 0.47, அதை π-ஆல் வகுத்தால் 0.15. தொடங்கிய நழுவல் நிற்காமல் போனால், ஓடும்போது உராய்வு இன்னும் குறைவு என்று பொருள். பளுவை மெதுவாக இறக்கும் வேலைக்கு அந்தக் குறைந்த மதிப்பைத்தான் எடுக்க வேண்டும்.

கணக்கு ஒத்துவராவிட்டால் சுற்றைக் கூட்டுங்கள். ஆள் பலத்தை நம்பாதீர்கள். அந்த 500 கிலோவுக்கு, ஈரத்திலேயே மூன்று சுற்று போட்டிருந்தால் 30 கிலோவும், நான்கு போட்டிருந்தால் 12 கிலோவும் போதும்.

பிடிப்பவர் நிற்கும் இடத்தை மறப்பது

சுற்று என்பது கண்ணால் எண்ணும் வளையம் மட்டுமல்ல. பிடித்திருப்பவர் வசதிக்காகக் கம்பத்தைச் சுற்றிக் கால்வாசி நகர்ந்து கயிற்றைப் பிரித்தாரானால், தழுவும் கோணத்தில் π/2 போய்விடும். மேலே சொன்ன ஈரக் கயிற்றில் 76 கிலோ அப்போது 96 ஆகும். கை தளர்ந்து இடம் மாற நினைக்கும் நேரத்தில்தான் பெரும்பாலும் இது நடக்கிறது. முதலிலேயே காலுக்கு இடம் பார்த்து நின்றுகொள்ளுங்கள்.

தாங்கும் கணக்கை ஏற்றும் வேலைக்குப் போடுவது

உராய்வு எப்போதும் நகர்வுக்கு எதிராகவே நிற்கும். தாங்கும்போது நமக்குத் துணை, இழுக்கும்போது பகை. அதே இரண்டு சுற்றோடு அந்தப் பம்பை மேலே இழுக்க, உலர்ந்த கயிற்றில் 500-ஐ 23-ஆல் பெருக்க வேண்டும். பதினொரு டன்னுக்கு மேல் வரும். கயிறு அறுந்துவிடும்.

தடித்த கம்பம் கூடுதலாகப் பிடிக்கும் என்று எண்ணுவது

பிடிக்காது. சூத்திரத்தில் விட்டமே இல்லை. மெல்லிய கம்பம் கயிற்றைக் கூர்மையாக மடக்கி அதன் வலுவைக் குறைக்கும் என்பது வேறு கணக்கு.

சுற்றின்மேல் சுற்று ஏறவிடுவது

இறுகிவிட்டால் தளர்த்த முடியாது. பளு பாதியிலேயே தொங்கும்.

வேகமாக ஓடவிடுவது

உராய்வில் இழக்கும் ஆற்றல் முழுவதும் வெப்பமாகிறது. பாலிபுரொப்பிலீன் சுமார் 165 டிகிரியில் உருகிவிடும், நைலான் இன்னும் கொஞ்சம் தாங்கும். கம்பத்தை ஒட்டிய இழைகள் மெழுகு பூசியதுபோலப் பளபளத்து விறைத்திருந்தால், அந்தப் பகுதி ஒருமுறை உருகி ஆறியிருக்கிறது. அந்தக் கயிற்றைப் பளுவுக்கு எடுக்காமல் ஒதுக்கிவிடுங்கள்.