பார் கோட்டுக்கு முன்பே தொடங்கும் மெட்டு: பிக்கப் நோட்டை எண்ணி எடுப்பது எப்படி?

புதிதாக நோட்டேஷன் பார்த்து வாசிக்கப் பழகுபவர்கள் ஒரு இடத்தில் கட்டாயம் குழம்புவார்கள். 4/4 என்று போட்டிருக்கும். ஆனால் முதல் பார் கோட்டுக்கு முன்னால் இரண்டே இரண்டு எய்த் நோட்டுகள்தான் இருக்கும். கூட்டிப் பார்த்தால் ஒரு பீட்தான் வரும். மீதி மூன்று பீட் எங்கே போயிற்று?

அச்சுப்பிழை இல்லை. அந்த இரண்டும் பிக்கப் நோட்டுகள். மெட்டின் முதல் அழுத்தம் பார் கோட்டைத் தாண்டி வரும் 1-இல் விழுகிறது. அதற்கு முன்னால் ஓடி வந்து அதைத் தொட்டுவிடும் சுரங்கள் இவை. கர்நாடக இசை படித்தவர்கள் இதை அதீத எடுப்போடு ஒப்பிட்டுப் புரிந்துகொள்ளலாம்.

பழகுவதற்காக ஒரு சின்ன மெட்டு எழுதியிருக்கிறேன். எண்கள் பீட்டைக் குறிக்கின்றன. ஒரே பீட்டில் வரும் இரண்டு எய்த் நோட்டுகளை நடுவில் கோடு போட்டு இணைத்திருக்கிறேன்.

```
பிக்கப் : 4 சொல்-லா
பார் 1  : 1,2 டோ   | 3 டோ | 4 ரே
பார் 2  : 1,2 மி   | 3 ரே | 4 சொல்-லா
பார் 3  : 1 டோ    | 2 ரே | 3,4 டீ
பார் 4  : 1,2,3 டோ
```

பார் எண்களைக் கவனியுங்கள். அரைகுறையாக நிற்கும் முதல் துண்டுக்கு எண் கிடையாது. முதல் முழு பார்தான் 1. குழுவாக வாசிக்கும்போது “பார் 3-லிருந்து எடுப்போம்” என்று யாராவது சொன்னால், எல்லோரும் ஒரே இடத்தைப் பார்ப்பதற்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

படி 1: பார் கோட்டிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

பிக்கப் எந்த பீட்டில் தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க, முன்னாலிருந்து எண்ணக் கூடாது. பார் கோட்டில் விரலை வைத்து இடப்பக்கமாக வாருங்கள். 4/4-இல் கோட்டுக்கு முந்தைய பீட் எப்போதும் 4. நம் மெட்டில் இரண்டு எய்த் நோட்டுகள் சேர்ந்து ஒரு பீட். ஆகவே “சொல்” விழுவது 4-இல், “லா” விழுவது அதற்கு அடுத்த “அண்ட்”-இல்.

3/4-இல் ஒரு பீட் பிக்கப் என்றால் அது 3-இல் தொடங்கும். 6/8-இல் ஒரே ஒரு எய்த் நோட் பிக்கப் என்றால் அது 6. எல்லாவற்றுக்கும் கணக்கு ஒன்றுதான்: பிக்கப் என்பது பாரின் வால், தலை அல்ல.

படி 2: ஒரு முழு பார், அப்புறம் விடுபட்ட பீட்டுகள்

மெட்ரோனோமை 72-இல் வைத்துக்கொண்டு வாய்விட்டு எண்ணுங்கள்: “ஒன், டூ, த்ரீ, ஃபோர், ஒன், டூ, த்ரீ”. அடுத்த “ஃபோர்” சொல்ல வேண்டிய இடத்தில் வாய் நிற்கும், கை “சொல்-லா” வாசிக்கும். முதல் நான்கு எண்ணிக்கை வேகத்தைப் பிடிப்பதற்கு. பின்னால் வரும் மூன்று, தாளில் அச்சாகாத அந்த மூன்று பீட்.

குழுவுக்கு எண்ணிக் கொடுப்பவர் இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது: “ஏழு எண்ணுவேன், எட்டாவதில் மெட்டு, அதற்கு அடுத்த ஒன்றில் கார்ட்.” பொதுவாக பிக்கப்பின்போது கார்ட் வாசிப்பவர் சும்மா இருப்பார். பார் 1-இன் முதல் பீட்டில்தான் அவர் நுழைவார்.

படி 3: தவறு எங்கே ஒளிந்திருக்கிறது?

இந்தப் படியில் கொஞ்சம் நிதானமாக நில்லுங்கள். பெரும்பாலானோர் “ஒன், டூ, த்ரீ, ஃபோர்” என்று எண்ணிவிட்டு அடுத்த 1-இலேயே “சொல்-லா”வைத் தொடங்கிவிடுவார்கள். நானும் பல வாரங்கள் அப்படித்தான் வாசித்துக்கொண்டிருந்தேன், சரியாக வாசிக்கிறோம் என்ற நம்பிக்கையோடு.

நம்பிக்கைக்குக் காரணம் இருக்கிறது. நம் மெட்டின் மொத்த நீளம்: பிக்கப் 1, முழு பார்கள் மூன்றுக்கு 12, கடைசி பாரில் 3. ஆக 16 பீட், அதாவது நான்கு பாருக்குச் சரியான அளவு. 1-இல் தொடங்கினாலும் கடைசி “டோ” நான்காவது பாரின் 4-இல் அழகாக முடிந்துவிடும். எண்ணிக்கை தட்டாது. அதனால் தவறு கணக்கில் அகப்படாது, அழுத்தத்தில்தான் அகப்படும்.

கண்டுபிடிக்க ஒரு வழி: மெட்ரோனோமில் நான்கு பீட்டுக்கு ஒருமுறை மணி அடிக்கும்படி வையுங்கள். மணி “சொல்”லோடு சேர்ந்து அடித்தால் நீங்கள் ஒரு பீட் தள்ளி நிற்கிறீர்கள். நீளமான “டோ”வின் தொடக்கத்தில் அடித்தால் சரி. இன்னொருவர் கார்ட் வாசித்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். சரியாக வாசிக்கும்போது நீண்ட “டோ”வும் புதிய கார்டும் ஒரே நொடியில் இறங்கும். தவறாக வாசிக்கும்போது கார்ட் “சொல்”லிலேயே மாறிவிடும், “டோ” பின்னால் தனியாக வந்து சேரும்.

படி 4: பேசிவிட்டு வாசியுங்கள்

இசைக்கருவியைக் கீழே வைத்துவிட்டு, காலால் நான்கு பீட் தட்டிக்கொண்டே சுரப் பெயர்களைச் சொல்லுங்கள். ஒவ்வொரு 1-க்கும் தொடையில் ஒரு தட்டு. “சொல்-லா” மெல்லிய குரலில், “டோ” அழுத்தமாக. பிக்கப் பொதுவாக லேசாகத்தான் ஒலிக்க வேண்டும். வயலினில் இதை பெரும்பாலும் வில்லை மேல்நோக்கித் தள்ளி வாசிப்பது அதனால்தான். எழுதியவர் அந்த நோட்டுக்கே அழுத்தக் குறி போட்டிருந்தால் மட்டும் அதன்படி செய்யுங்கள்.

படி 5: பீட்டின் நடுவில் தொடங்கும் பிக்கப்

இப்போது பிக்கப்பில் மூன்று எய்த் நோட்டுகள் என்று வைத்துக்கொள்வோம்: மி-சொல்-லா. பின்னோக்கி எண்ணுங்கள். “லா” 4-இன் அண்ட், “சொல்” 4, “மி” 3-இன் அண்ட். பீட்டின் மேல் இல்லாமல் இரண்டு பீட்டுகளுக்கு நடுவே தொடங்குகிறது. இங்கே வெறும் எண்கள் போதாது. இரண்டாவது பாரை “ஒன்-அண்ட் டூ-அண்ட் த்ரீ” என்று பிளந்து எண்ணி, “த்ரீ” சொன்ன உடனே வரும் அண்டில் நுழைய வேண்டும்.

இங்கே பெரும்பாலானோர் சீக்கிரமாக, “த்ரீ”யோடு சேர்த்தே “மி”யை வாசித்துவிடுவார்கள். கிட்டாரில் இதற்கு ஒரு நல்ல மருந்து உண்டு. எண்ணத் தொடங்கும்போதே வலது கையை ஆட்டத் தொடங்குங்கள், கம்பியைத் தொடாமல்: எண்ணுக்குக் கீழே, அண்டுக்கு மேலே. அப்படியே விட்டால் “மி” மேல்வீச்சில், “சொல்” கீழ்வீச்சில், “லா” மேல்வீச்சில் வரும், பார் 1-இன் “டோ” கீழ்வீச்சில் விழும். “மி”யைக் கீழ்வீச்சில் அடித்தால் முந்திவிட்டீர்கள் என்று கையே காட்டிக்கொடுக்கும்.

படி 6: திரும்ப வாசிக்கும்போது

கடைசி பாரில் மூன்று பீட் மட்டும் இருப்பது எதற்கு என்று இப்போது புரிந்திருக்கும். தொடக்கத்தில் கடனாக எடுத்த ஒரு பீட்டை முடிவில் கழித்திருக்கிறார்கள். மெட்டைத் திரும்ப எடுக்கும்போது கடைசி “டோ”வின் 3 பீட்டோடு “சொல்-லா” 1 பீட் சேர்ந்து முழு பார் ஆகிவிடும். பழக்கதோஷத்தில் கடைசி “டோ”வை நான்கு பீட் பிடித்துவிட்டுப் பிக்கப்பைத் தொடங்கினால், அந்த பார் ஐந்து பீட் ஆகும், இரண்டாம் சுற்று முழுவதும் மணி “லா”வுக்கு அப்புறம் வராமல் “சொல்”லிலேயே அடிக்கும்.

எல்லா நோட்டேஷனிலும் கடைசி பாரைக் குறைத்திருக்க மாட்டார்கள். திரும்ப வாசிக்கத் தேவையில்லாத இடங்களில் முழு பாராகவே விட்டுவிடுவதும் உண்டு. அதேபோல் சிலர் பிக்கப்புக்கு முன்னால் மூன்று பீட் ரெஸ்ட் போட்டு முதல் பாரை நிரப்பிவிடுவார்கள். வாசிக்கும் இடம் அதேதான், ஆனால் அப்போது அந்த முதல் பாருக்கே எண் 1 கிடைத்துவிடும். ஒத்திகைக்கு முன் உங்கள் தாளும் மற்றவர் தாளும் எந்த முறையில் இருக்கின்றன என்று ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.