போட்டோவில் உள்ள பரவளையத்தின் சமன்பாட்டைக் கண்டுபிடிப்பது எப்படி?

கரும்பலகையிலோ தாளிலோ வரைந்த ஒரு பரவளையத்தின் போட்டோ மட்டும் கையில் இருக்கிறது, அதன் சமன்பாடு வேண்டும். நாம் நிரப்ப வேண்டிய வடிவம் இது:

```
y = a(x − h)² + k
```

`h`, `k` இரண்டும் `y = x²` என்ற வளைவு எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்பதைச் சொல்லும். `a` அது எவ்வளவு நீண்டது, தலைகீழாகக் கவிழ்ந்ததா என்பதைச் சொல்லும்.

வளைவைப் பார்க்கும் முன் அச்சுகளில் எழுதியிருக்கும் எண்களைப் பாருங்கள். என் படத்தில் x அச்சில் ஒரு கட்டம் 1, y அச்சில் ஒரு கட்டம் 2. போட்டோ சாய்வாக எடுக்கப்பட்டிருந்தால் திரையின் ஓரத்தை நம்பாமல், படத்திலுள்ள கட்டக் கோடுகளையே பிடித்துக்கொண்டு போய் எண்ணைப் படியுங்கள்.

அடுத்து முனை. வளைவின் உச்சி `(3, 4)`-இல் இருக்கிறது. அதாவது வலப்பக்கம் 3, மேலே 4. அடைப்புக்குள் இது `(x − 3)` என்று வரும். வலப்பக்கம் போனால் கூட்டல்தானே என்று `(x + 3)` எழுதிவிடுவது எல்லோருக்கும் நேர்வது. x-க்கு 3 போட்டால் அடைப்பு பூச்சியமாக வேண்டும், அதுதான் சோதனை.

வளைவு கீழ்நோக்கித் திறந்திருக்கிறது. எனவே `a` குறை எண். அதன் அளவை அறிய, கோடுகள் வெட்டும் இடத்தில் துல்லியமாக விழும் ஒரு புள்ளி தேவை. x அச்சை வெட்டும் இடங்கள் வசதியாகத் தோன்றினாலும் இங்கே அவை கட்டங்களுக்கு நடுவே விழுகின்றன, ஊகித்துத்தான் படிக்க முடியும். `(7, −4)` தெளிவாக இருக்கிறது:

```
−4 = a(7 − 3)² + 4
−8 = 16a
a = −1/2
```

ஆக, `y = −½(x − 3)² + 4`. எண்ணளவு 1-ஐவிடக் குறைவு என்பதால் வளைவு சாதாரணத்தைவிட அகலமாகப் படர்ந்திருக்கும். படியாகச் சொன்னால்: கவிழ்த்து, உயரத்தைப் பாதியாக அமுக்கி, அப்புறம்தான் நகர்த்துகிறோம். முதலில் 4 மேலே ஏற்றிவிட்டுக் கவிழ்த்தால் உச்சி `−4`-க்குப் போய்விடும்.

சரி, விடையைச் சோதிக்க `(5, 2)`-ஐப் போடுங்கள்: `−½ × 4 + 4 = 2`. பொருந்துகிறது. `(1, 2)` முனையின் மறுபக்கத்தில் அதே உயரத்தில் இருக்கும். படத்தில் அப்படி இல்லையென்றால் முனையைத் தவறாகப் படித்திருக்கிறீர்கள்.

ஆனால் இந்தச் சோதனையில் சிக்காத பிழை ஒன்று உண்டு. எண்களை விட்டுவிட்டுக் கட்டங்களை மட்டும் எண்ணியிருந்தால் முனை `(3, 2)`, இன்னொரு புள்ளி `(7, −2)` என்று வந்து, `a = −1/4` கிடைக்கும். `(5, 1)`-ஐப் போட்டுப் பார்த்தால் அதுவும் அழகாகப் பொருந்தும்! எல்லா உயரமும் ஒரே அளவில் பாதியாகிவிட்டதால் கணக்குக்குள் முரண்பாடு எதுவும் தெரியாது. அதைக் காட்டிக்கொடுப்பது y அச்சில் எழுதியிருக்கும் 2, 4, 6 மட்டும்தான்.