ஆல்ஃபா தலசீமியா: மரபணுக்களை எண்ணும்போது நேரும் தவறுகள்

ஹீமோகுளோபினின் ஆல்ஃபா சங்கிலியை உருவாக்க நம் உடலில் நான்கு மரபணுக்கள் உள்ளன. 16-ஆம் குரோமோசோம் இணையில் தாய் தந்ததில் இரண்டும் தந்தை தந்ததில் இரண்டும் இருக்கின்றன. இவற்றுள் ஒன்றோ பலவோ இல்லாமலோ பழுதாகவோ இருப்பதே ஆல்ஃபா தலசீமியா. ஒன்று இல்லாவிட்டால் எந்த அறிகுறியும் தெரியாது. இரண்டு இல்லாவிட்டால் சிவப்பணுக்கள் சிறுத்து, லேசான இரத்தசோகை இருக்கும். மூன்று இல்லாத நிலையே ஹீமோகுளோபின் எச் நோய். ஆல்ஃபாவோடு ஜோடி சேர வேண்டிய பீட்டா சங்கிலிகள் மிஞ்சி, நான்கு நான்காகச் சேர்ந்து, சிவப்பணுவை முன்கூட்டியே சிதைக்கின்றன. நான்குமே இல்லாத கரு, கருப்பையிலேயே இரத்தம் ஏற்றப்படாவிட்டால், பெரும்பாலும் பிறப்பதற்கு முன்போ பிறந்த சில மணி நேரத்திலோ இறந்துவிடும். இந்தக் கணக்கு சரியானதே. அதைப் படிக்கும் விதத்தில்தான் தவறுகள் நேர்கின்றன.

முதல் தவறு, சிறுத்த சிவப்பணுவைக் கண்டதும் இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுப்பது. ஹீமோகுளோபின் 11.5 கிராம், சிவப்பணுவின் சராசரி அளவைக் காட்டும் எம்.சி.வி. 68 என்று வரும் அறிக்கையில், சிவப்பணுக்களின் எண்ணிக்கை 58 லட்சம் என்றிருப்பதை யாரும் கவனிப்பதில்லை. இரும்புக் குறைபாட்டில் எண்ணிக்கையும் பொதுவாகக் குறையும். நோயில்லாமல் மரபணுக் குறையை மட்டும் சுமக்கும் தலசீமியா தாங்கியிடம் அணு சிறுத்திருந்தாலும் எண்ணிக்கை கூடியிருக்கும். உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவைப் பார்த்து, உண்மையிலேயே குறைவு இருந்தால் மட்டுமே இரும்பு தர வேண்டும். எச் நோய் உள்ளவர்களுக்கு இது இன்னும் முக்கியம், ஏனெனில் அவர்கள் குடல் தேவைக்கு மேல் இரும்பை உறிஞ்சுவதால், ஒரு முறைகூட இரத்தம் ஏற்றாதவரின் கல்லீரலிலும் வயது ஏற ஏற இரும்பு படியும்.

அடுத்தது, ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் எலக்ட்ரோபோரெசிஸ் அறிக்கையில் ஹீமோகுளோபின் ஏ2 இயல்பாக இருப்பதைப் பார்த்து 'தலசீமியா இல்லை' என்று முடிவு கட்டுவது. ஏ2 அளவு 3.5 சதவீதத்தைத் தாண்டுவது பீட்டா தலசீமியா தாங்கியின் அடையாளம். ஆல்ஃபா தாங்கியிடம் அது இயல்பாகவோ சற்றுக் குறைவாகவோதான் இருக்கும். எம்.சி.வி. குறைந்து, இரும்பும் ஏ2-வும் சரியாக இருந்தால், அடுத்து மரபணுப் பரிசோதனைதான்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, 'இரண்டு மரபணு இல்லை' என்பதோடு நின்றுவிடுவது. அந்த இரண்டும் ஒரே குரோமோசோமிலிருந்து போனவையா, குரோமோசோமுக்கு ஒன்றாக இரண்டிலிருந்தும் போனவையா என்பதே குழந்தையின் கதியைத் தீர்மானிக்கிறது. ஆல்ஃபா தலசீமியா மிகப் பரவலாக உள்ள வடக்குத் தாய்லாந்தில் ஒரு தம்பதியைக் கற்பனை செய்துகொள்வோம். இருவரிடமும் இரண்டு மரபணு இல்லை. மனைவியின் ஒரு குரோமோசோம் முழுக்கக் காலி, மற்றது நிறைவு. கணவரிடம் குரோமோசோமுக்கு ஒன்று வீதம் இல்லை என்றால், அவர் எதைக் கொடுத்தாலும் அதில் ஒரு மரபணு இருக்கும். ஆகவே ஒவ்வொரு பிரசவத்திலும் எச் நோய்க்குப் பாதி வாய்ப்பு, ஒரு மரபணு மட்டும் இல்லாத, நோயற்ற குழந்தைக்குப் பாதி வாய்ப்பு. நான்கும் இல்லாத கரு இவர்களுக்கு உருவாகாது. கணவரும் மனைவியைப் போலவே ஒரு குரோமோசோம் காலியானவராக இருந்தால் கணக்கு தலைகீழாகிறது: எச் நோய் வராது, ஆனால் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் கருவிடம் நான்குமே இருக்காது. அந்தக் கரு நீர் கோத்து வீங்கும். நஞ்சுக்கொடியும் பெருத்து, தாய்க்கு இரத்தக் கொதிப்பு ஆபத்தையும் உண்டாக்கும். இவ்விரு கணவர்களின் இரத்த எண்ணிக்கை அறிக்கையை அருகருகே வைத்தால் வேறுபாடு தெரியாது. இந்தியாவில் குரோமோசோமுக்கு ஒன்று இல்லாத வகையே மிகுதி என்பதால்தான் இத்தகைய கருவை இங்குள்ள மருத்துவர்கள் அரிதாகப் பார்க்கிறார்கள். தென்கிழக்கு ஆசிய வம்சாவளியினரோடு மணவுறவு உள்ள குடும்பத்துக்கு அந்த நம்பிக்கை பொருந்தாது.

கடைசியாக, இல்லாத மரபணுவை மட்டும் எண்ணிவிட்டு, இருந்தும் பழுதான மரபணுவை விட்டுவிடுவது. தாய்லாந்து, லாவோஸ் பகுதிகளில் காணப்படும் கான்ஸ்டன்ட் ஸ்பிரிங் என்ற மாற்றத்தில் மரபணு இருக்கிறது. ஆனால் சங்கிலி முடிய வேண்டிய இடத்தில் 'நிறுத்து' என்ற குறி கெட்டுப்போனதால், சங்கிலி 31 அமினோ அமிலங்கள் கூடுதலாக நீள்கிறது. அப்படிப்பட்ட சங்கிலியும் மிகச் சொற்பமாகவே உருவாகிறது. ஒரு குழந்தைக்கு ஒரு குரோமோசோம் காலி, மற்றதில் இந்தப் பழுது என்றால், இழப்பை மட்டும் தேடும் பரிசோதனை 'இரண்டு இல்லை, வெறும் தாங்கி' என்று எழுதிவிடும். உண்மையில் அது எச் நோய். மூன்று மரபணு அடியோடு இல்லாத வகையைவிடப் பெரும்பாலும் கடுமையானது. மண்ணீரல் பெருத்திருக்கும், காய்ச்சல் வந்த சில நாளிலேயே ஹீமோகுளோபின் சரிந்து, அவசரமாக இரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும். இதில் அணு நீரேறி உப்புவதால் எம்.சி.வி.யும் எச் நோய்க்கு எதிர்பார்க்கும் அளவுக்குக் குறைவதில்லை; அதனால் மேலும் ஏமாறுவோம். தாங்கி என்று எழுதிய தாளில் ஹீமோகுளோபின் 7.5 என்றிருந்தால் அந்தத் தாளை நம்பக் கூடாது. கான்ஸ்டன்ட் ஸ்பிரிங் தேடப்பட்டதா என்று ஆய்வகத்தைக் கேட்க வேண்டும்.