போனஸ் மாதத்தில் வரி ஏன் அவ்வளவு போகிறது? இங்கிலாந்தில் ஃபேக்டரி வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு

என் சித்தி மகன் 2025 செப்டம்பர் 1 அன்று இங்கே ஒரு ஃபேக்டரியில் வேலைக்குச் சேர்ந்தான். மாதச் சம்பளம் 2,200 பவுண்டு. டிசம்பரில் இரவு ஷிஃப்டும் சனிக்கிழமைகளும் சேர்ந்து ஓவர்டைம் மட்டும் 900 வந்தது. அதோடு வருடாந்திர போனஸ் 1,500. மொத்தம் 4,600. அதில் வருமான வரி மட்டும் 792 பவுண்டு பிடித்திருந்தார்கள். "அண்ணா, இனிமேல் நான் ஓவர்டைமுக்கே போகமாட்டேன்" என்று போனில் சொன்னான். அந்தக் குரலை என்னால் மறக்க முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். ஓவர்டைமுக்கோ போனஸுக்கோ இங்கே தனி வரி கிடையாது. எல்லாம் சம்பளத்தோடு ஒன்றாகச் சேரும். 2025-26 நிதியாண்டில் முதல் 12,570 பவுண்டுக்கு வரி இல்லை, அதற்கு மேல் வரும் அடுத்த 37,700 பவுண்டுக்கு 20 சதவீதம், அதையும் தாண்டினால் 40. ஊரில் கம்பெனி வருடச் சம்பளத்தை முன்கூட்டியே கணக்குப் போட்டு, வரியை மாதங்களுக்குப் பிரித்துப் பிடிக்கும். இங்கே வேறு மாதிரி. நிதியாண்டு தொடங்கும் ஏப்ரல் 6 முதல் இன்றுவரை எவ்வளவு சம்பாதித்தீர்கள், அதுவரை எவ்வளவு வரியில்லாத தொகை சேர்ந்திருக்கிறது என்று ஒவ்வொரு மாதமும் கூட்டிக்கொண்டே வருவார்கள். மாதத்துக்குச் சுமார் 1,048 பவுண்டு வீதம் அது சேரும். நடுவில் வருபவனுக்கு இது பெரிய லாபம். அவன் இங்கே இல்லாத ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரையிலான பங்கும் அவன் கணக்கில் இருக்கும்.

தம்பிக்கு அந்த லாபம் கிடைக்கவில்லை. காரணம் ஒரே ஒரு டிக். சேரும்போது, பழைய கம்பெனி தரும் பி45 என்ற வரிச் சீட்டு இல்லாதவர்களிடம் ஸ்டார்ட்டர் செக்லிஸ்ட் என்று ஒரு படிவம் கேட்பார்கள். ஏப்ரல் 6-க்குப் பிறகு இதுதான் முதல் வேலை என்றால் ஏ, வேறு வேலை இருந்து முடிந்துவிட்டது என்றால் பி, இப்போதும் இன்னொரு வேலை இருக்கிறது என்றால் சி. தம்பி ஆகஸ்ட் வரை ஊரில் வேலை பார்த்ததை நினைத்து பி-யில் டிக் போட்டுவிட்டான். படிவம் கேட்பது இந்த நாட்டு வேலையைப் பற்றி. இந்த நிதியாண்டில் இங்கே வேறு வேலையே பார்க்காத அவன் ஏ போட்டிருக்க வேண்டும். வாங்கிப் பார்த்த யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. அதில் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது.

பி போட்டதால் அவன் வரிக் குறியீடு `1257L M1` ஆனது. அந்த `M1`-தான் எமன். அது இருந்தால் ஒவ்வொரு மாதமும் தனித்தனிக் கணக்கு, பழைய மாதங்களைத் திரும்பிப் பார்க்கவே மாட்டார்கள். செப்டம்பர், அக்டோபர், நவம்பரில் தலா 230 பவுண்டு போனது. டிசம்பரில் 1,048 கழித்தது போக மீதி 3,552. ஒரு மாதத்துக்கான 20 சதவீத வரம்பு சுமார் 3,142-தான். எனவே மிச்சமிருந்த 410 பவுண்டுக்கு 40 சதவீதம் விழுந்தது. வருடம் முழுவதும் மாதம் 2,200 வாங்கினாலும் 40-ஐ எட்டாதவனுக்கு!

வெறும் `1257L` இருந்திருந்தால்? டிசம்பர் வரை மொத்த வருமானம் 11,200, வரியில்லாத தொகை 9,434. மீதி 1,766-க்கு 20 சதவீதம் என்றால் 353 பவுண்டு, அதுவும் நான்கு மாதங்களுக்கும் சேர்த்து. அவனிடம் பிடித்தது 1,482.

சரி, எப்படித் திருத்துவது? சம்பளச் சீட்டில் டாக்ஸ் கோட் என்ற இடத்தைப் பாருங்கள். `M1`, `W1`, `X` இவற்றில் எது ஒட்டியிருந்தாலும் இதே சிக்கல்தான். கம்பெனி தானாகக் குறியீட்டை மாற்றாது, வரித்துறையான எச்எம்ஆர்சி சொல்ல வேண்டும். அவர்களின் ஆப்பிலோ இணையக் கணக்கிலோ உங்கள் வேலை விவரத்தைச் சரிசெய்யலாம். நாங்கள் போன் செய்தோம். ஜனவரிச் சம்பளத்துக்குள் `M1` போய்விட்டது. அந்த மாத வரியைக் கழித்தது போக, சீட்டில் வரி இருக்கும் இடத்தில் கழித்தல் குறியோடு 899 என்று இருந்தது. அதாவது அவ்வளவும் சம்பளத்தோடு திரும்பி வந்தது. தம்பி அதைப் படம் எடுத்து அனுப்பினான்.

வரியோடு சம்பளத்தில் பிடிக்கும் நேஷனல் இன்சூரன்ஸ் என்ற சமூகப் பாதுகாப்புத் தொகை மட்டும் இப்படித் திரும்பாது. அது எப்போதுமே அந்தந்த மாதக் கணக்கு. 1,048-க்கு மேல் 8 சதவீதம், 4,189-க்கு மேல் 2. வழக்கமாக 92 பவுண்டு போகும் தம்பிக்கு டிசம்பரில் 260 போனது, அது சரியான கணக்குதான். அப்புறம், ஏப்ரல் 5-க்குள் குறியீட்டை மாற்ற முடியாமல் போனாலும் பணம் மூழ்கிவிடாது. ஆண்டு முடிந்தபின் எச்எம்ஆர்சி கணக்குப் பார்த்து பி800 என்ற கடிதம் அனுப்பும். ஆனால் அதற்குப் பல மாதங்கள் ஆகலாம், அதற்குள் வீடு மாறினால் புது முகவரியை அவர்களிடம் பதிந்துவிடுங்கள்.