நோய்க்குப் பிறகு சொல்லிக்கொள்ளும் உறுதிமொழிகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நோயிலிருந்து தேறும்போது தனக்குத்தானே சொல்லிக்கொள்ள எழுதும் உறுதிமொழியில், வாக்கியம் நீளமாகிவிடுவது, சொன்னதையே திரும்பச் சொல்வது போன்ற சின்னப் பிழைகள் பத்து நாள் பழக்கத்தில் தானே சரியாகிவிடும். கீழே முதலில் வரும் தவறு மட்டும் அப்படிச் சரியாகாது. புதிதாக எழுதுபவர்கள் பலரும் அதில்தான் விழுகிறார்கள்.

முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுவது

"நான் முழுமையாகக் குணமாகிவிட்டேன்." கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எமில் குவே என்ற பிரெஞ்சு மருந்தாளுநர், ஒவ்வொரு நாளும் எல்லா வகையிலும் மேலும் மேலும் நலமாகி வருகிறேன் என்று காலையும் இரவும் 20 முறை சொல்லச் சொன்னார். 1920களில் பரவிய அந்த வாக்கியமும் நாளுக்கு நாள் முன்னேற்றம்தான் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. உடம்பு தேறுவதோ ஏறியும் இறங்கியும்தான்.

நிமோனியாவை எடுத்துக்கொள்வோம். காய்ச்சல் ஒரு வாரத்தில் விடலாம். இருமலும் மூச்சு வாங்குவதும் நன்றாகக் குறைய 6 வாரம் ஆகலாம். அசதி 3 மாதம் கழித்தும் இருக்கலாம். மூன்றாவது வாரத்தில் ஒருவர் "குணமாகிவிட்டேன்" என்று சொல்லிக்கொண்டு இரண்டு தடவை மாடி ஏறி இறங்குகிறார். மறுநாள் எழுந்திருக்க முடியவில்லை. அப்போது அவர் வாக்கியத்தைச் சந்தேகப்படுவதில்லை, "நான் மனசாரச் சொல்லவில்லை போல" என்று தன்னையே நொந்துகொள்கிறார். அசதியோடு குற்ற உணர்வும் சேர்ந்துவிடுகிறது. இன்னும் மோசமாக, குணமாகிவிட்டதாகச் சொன்ன வாயால் காய்ச்சல் திரும்பியதைச் சொல்லத் தயங்குவார். மாத்திரையைப் பாதியில் நிறுத்தியும் விடுவார்.

முடிவைச் சொல்லும் வாக்கியத்தை நீக்கிவிட்டு, இன்று தன் கையில் இருப்பதை எழுத வேண்டும். முதலில் உள்ள நிலை, அடுத்து இன்று செய்யப்போவது, பிறகு முடியாமல் போனால் என்ன என்பது: "இன்னும் அசதி இருக்கிறது. மருத்துவர் சொன்ன அளவு நடப்பேன். மூச்சு வாங்கினால் உட்காருவேன். உட்காருவதும் தேறுவதில் சேர்ந்ததுதான்."

எழுதியதை, இருமலில் தூக்கம் கெட்ட ஓர் இரவில் வாசித்துப் பாருங்கள். அப்போதும் உண்மையாக இருந்தால் வைத்துக்கொள்ளலாம். எரிச்சல் வந்தால், எந்தச் சொல்லில் வந்ததோ அதை மாற்றுங்கள்.

பொறுமையைக் கட்டளையாக்குவது

"நான் பொறுமையாக இருக்க வேண்டும்" என்பது தன்னைத்தானே அதட்டுவது. "சலிப்பாக இருக்கிறது, இருக்கட்டும். சாயங்காலம் வரை ஓய்வெடுக்கிறேன்" என்றால் காத்திருக்க வேண்டிய நேரம் சாயங்காலம் வரைதான். அவ்வளவை மனசு ஏற்றுக்கொள்ளும்.

தேதி குறிப்பது

இந்தத் தேதிக்குள் குணமாகிவிடுவேன் என்று எழுத வேண்டாம்.

பிறருக்கு எழுதித் தருவது

அவர் கேட்டால் மட்டும், அவர் பேசும் சொற்களிலேயே.

அறிகுறியை உறுதிமொழியால் மூடுவது

காய்ச்சல் திரும்பினாலோ, மூச்சுத்திணறல் கூடினாலோ, நெஞ்சு வலித்தாலோ சொல்வதை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். அதற்கும் ஒரு வரியை உறுதிமொழியிலேயே சேர்த்துவிடுவது நல்லது: "உடம்பு மோசமானால் மறைக்க மாட்டேன், உடனே சொல்வேன்."